கை கறுத்தது எப்போது?

2023 ஜூலை தொடக்கத்தில் சென்னையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் வலது கை அகற்றப்பட்டது. தலையில் நீர் கோத்துக்கொள்ளும் பிரச்சினைக்காக ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த குழந்தை அது. ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காக வென்ஃப்ளான் ஊசி போட்ட கை சிவந்து, பிறகு கறுத்துப்போனது. ஊசி போட்டதில்தான் தவறு, சொல்லியும் உடனே கவனிக்கவில்லை என்றார் தாய். அரசு அமைத்த மருத்துவர் குழுவோ, மருந்து கசிந்ததால் அல்ல, சூடோமோனாஸ் என்ற கிருமித் தொற்றால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததே காரணம் என்றது. குடும்பம் அதை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தியாளர் என்ன எழுதுவது?

இருவர் சொன்னதையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தாயின் புகாருக்குள் இரண்டு புகார்கள் இருக்கின்றன. கை கெட்டதற்குக் காரணம் எது என்பது ஒன்று. முறையிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் மருத்துவர் வந்து பார்த்தார் என்பது இன்னொன்று. தொற்றுதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது கேள்விக்கு அது பதில் ஆகாது. அதேபோல, செவிலியர் தாமதமாக வந்தார் என்று நிரூபணமானாலும், ஊசிதான் கையைக் கெடுத்தது என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பும்போதுதான் யாராவது ஒரு தரப்புக்கு அநியாயம் நடக்கிறது.

காரணத்தைத் தீர்மானிப்பது செய்தியாளரின் வேலை அல்ல. நேரத்தை விசாரிப்பது அவரால் முடியும். சிவப்பு முதலில் கண்ணில் பட்டது எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னார்கள், வென்ஃப்ளானை எப்போது எடுத்தார்கள்? கேஸ் ஷீட்டில் செவிலியர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதும் குறிப்பில் இதெல்லாம் இருக்க வேண்டும். உறவினர் செல்போனில் எடுத்த படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். இரண்டும் பொருந்தாத இடம்தான் கேட்க வேண்டிய கேள்வி.

நோயாளியின் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று மருத்துவமனை வாயை மூடிக்கொள்வதுண்டு. அது எப்போதும் மழுப்பல் அல்ல. ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை. குடும்பமே எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவ கவுன்சில் விதி. நகல் கைக்கு வந்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டலாம். விசாரணைக் குழுவில் இருந்தவர்கள் அரசு மருத்துவர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். குழு பொய் சொன்னது என்று அதற்கு அர்த்தமில்லை. எடைபோட வாசகருக்கு அந்தத் தகவல் தேவை, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அந்தக் குழந்தை இறந்தது. ‘கை இழந்த குழந்தை மரணம்’ என்ற தலைப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் படிப்பவர் மனதில் கையும் மரணமும் காரணமும் விளைவுமாக ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கு முன்பே இருந்த நோய் என்ன என்பதை முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும். ஏழாவது பத்தி வரை பாதிப் பேர் படிப்பதில்லை.