ஒரு தடவை அழுத்தினால் ஏழு

மேசைமேல் ஒரு பிரெட்போர்டு. மூன்று பென் டார்ச் பேட்டரி போட்ட பெட்டியிலிருந்து 4.5 வோல்ட் வருகிறது. ஒரு சின்ன பட்டன். அதையடுத்து முதுகில் 74HC04 என்று அச்சிட்ட 14 கால் ஐ.சி.; அதையடுத்து எண்ணிக்கை வைக்கும் 74HC393; கடைசியில் வரிசையாக நான்கு எல்.இ.டி. பட்டனை ஒரு தடவை அழுத்தி விட்டால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். ஆனால் சில சமயம் மூன்று கூடுகிறது, சில சமயம் ஏழு. எப்போதாவது சரியாக ஒன்று கூடி, செய்தவருக்கு வீண் நம்பிக்கையும் தருகிறது.

எலக்ட்ரானிக்ஸ் பழகுகிற எவரும் இந்த இடத்தில் பட்டனைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். நியாயமான சந்தேகம். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் போட்ட கரண்டி போலச் சில தடவை துள்ளிவிட்டுத்தான் அடங்கும். அடங்கச் சில மில்லி விநாடி ஆகும். நம் கைக்கு அது ஒரே அழுத்தம், ஐ.சி.க்கோ பல அழுத்தங்கள். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும். பாசிட்டிவிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டருக்கு மின்சாரம் வரும். பட்டனை அழுத்தினால் கெபாசிட்டர் சட்டென்று காலியாகும், விட்டால் மெதுவாக நிரம்பும். தகடு ஒரு மில்லி விநாடி துள்ளி விலகினாலும், அந்த நேரத்தில் கெபாசிட்டரில் அரை வோல்ட்கூட ஏறாது. ஆகவே துள்ளல் உள்ளே போகாது.

நம் மேசையில் இந்த வைத்தியத்தை ஏற்கெனவே செய்தாயிற்று. அப்படியும் ஏழு!

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். பட்டனை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டால் எல்.இ.டி.களில் எந்த மாற்றமும் இல்லை. விரலை எடுக்கும் கணத்தில்தான் எண் தாவுகிறது. அந்த எண்ணி தனக்கு வரும் சிக்னல் மேலிருந்து கீழே விழும்போது எண்ணும் வகை. 04 வருவதைத் தலைகீழாக்கித் தருவதால், விரலை எடுக்கும்போதுதான் அது எண்ண வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் தகடு துள்ளுவதுதான் காரணம் என்றால் அழுத்தும்போதும் எண் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியானால் குற்றவாளி பட்டன் இல்லை. கெபாசிட்டர் மெதுவாக நிரம்பும் அந்த ஏற்றத்தில்தான் ஏதோ நடக்கிறது.

சாதாரண கேட் ஒன்றுக்கு எல்லை ஒன்றே ஒன்றுதான். 74HC04 போன்றவற்றில் அது சப்ளையின் பாதிக்குப் பக்கத்தில், இங்கே ஏறக்குறைய 2.25 வோல்ட்டில் இருக்கும். உள்ளே வருவது அதற்குக் கீழே இருந்தால் ஒரு முடிவு, மேலே போனால் மறு முடிவு. முடிவெடுக்க அதற்கு 10 நானோ விநாடி போதும். சிக்னல் அந்த எல்லையை ஒரே தாவலில் தாண்டும் என்று நம்பித்தான் இந்த ஐ.சி.யைச் செய்திருக்கிறார்கள். 4.5 வோல்ட்டில் ஏற்றமும் இறக்கமும் 500 நானோ விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று டேட்டா ஷீட்டிலேயே போட்டிருப்பார்கள். பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது. நம் கெபாசிட்டர் பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை ஏற 22 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. அனுமதித்த நேரத்தைப் போல 44,000 மடங்கு.

எல்லைக்கு அருகே இந்த ஏற்றத்தின் வேகம் மில்லி விநாடிக்குக் கால் வோல்ட்கூட இல்லை. பிரெட்போர்டில் நீட்டி முழக்கிய கம்பிகள் 50 மில்லி வோல்ட் இரைச்சலைப் பிடிப்பது சர்வ சாதாரணம். அந்த 50 மில்லி வோல்ட் பட்டையைக் கடந்து போக நம் சிக்னலுக்கு இருநூறு மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் இரைச்சல் அதை எல்லைக்கு மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பத்து நானோ விநாடியில் முடிவெடுக்கிறவருக்கு அது ஒரு யுகம். ஒவ்வொரு தள்ளலுக்கும் நேர்மையாக ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வெளியே இரைச்சலே இல்லாவிட்டாலும் கதை முடியாது. ஐ.சி. தனக்குத் தானே இரைச்சல் செய்துகொள்ளும். உள்ளே சிக்னல் ஏறி எல்லையைத் தொட்டவுடன் வெளியீடு கீழே விழுகிறது. விழும்போது பாயும் மின்சாரம் கிரவுண்டு கால் வழியாகத்தான் இறங்க வேண்டும். கிரவுண்டு கம்பி நீளமாக இருந்தால், ஐ.சி.யின் உள்ளே இருக்கும் கிரவுண்டு ஒரு கணம் சற்று மேலே தூக்கப்படும். உள்ளே வருவதை ஐ.சி. தன் கிரவுண்டை வைத்துத்தானே அளக்கிறது? காலடித் தரை உயர்ந்ததால் சிக்னல் தாழ்ந்ததாக அதற்குத் தோன்றும். உடனே முடிவை மாற்றிக்கொள்ளும். தரை பழையபடி இறங்கியதும் மறுபடியும் மாற்றும். ஆஸிலாஸ்கோப்பில் மில்லி விநாடி அளவில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு விழுக்காடுதான் தெரியும். அதையே மைக்ரோ விநாடிக்குப் பெரிதாக்கினால், அந்த ஒற்றைக் கோட்டுக்குள் சீப்பின் பல் மாதிரி கோடுகள் நிற்கும். மல்டிமீட்டரால் இதைப் பிடிக்கவே முடியாது.

இனி அந்த 04-ஐப் பிடுங்கிவிட்டு 74HC14-ஐச் செருக வேண்டியதுதான். கம்பி ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம். இரண்டிலும் ஆறு இன்வெர்ட்டர், இரண்டுக்கும் 14 கால், கால்களின் வரிசையும் ஒன்றே. வரைபடத்தில் மட்டும் 14-இன் முக்கோணத்துக்குள் ஒரு சின்ன வளையக் குறி இருக்கும். இதற்கு எல்லை இரண்டு. 4.5 வோல்ட்டில் உள்ளே வருவது ஏறும்போது சுமார் 2.5 வோல்ட்டைத் தொட்டால்தான் முடிவு மாறும். மாறியபின் அதைத் திருப்ப வேண்டுமானால், சிக்னல் 1.6 வோல்ட் வரை இறங்கியாக வேண்டும். நடுவே உள்ள 0.9 வோல்ட்டில் சிக்னல் எப்படி ஆடினாலும் பழைய முடிவே நீடிக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர்தான் ஹிஸ்டெரிசிஸ்.

மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் ஆட்டோமேட்டிக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தொட்டிக்குள் கீழே ஒரு சென்சார், மேலே ஒரு சென்சார். கீழ்மட்டம் காலியானால் மோட்டார் ஓடும். மேல்மட்டம் நிறைந்தால்தான் நிற்கும். ஒரே சென்சாரை வைத்து ஓட்டவும் நிறுத்தவும் செய்தால், தண்ணீரில் எழும் சிற்றலைக்கெல்லாம் மோட்டார் ஓடி ஓடி நிற்கும். ஒரு வாரத்தில் ரிலே தீய்ந்துவிடும். நம் 04 அப்படித்தான் ஓடி நின்றுகொண்டிருந்தது.

14-க்குள் இந்த இரண்டு எல்லையும் வருவதற்குக் காரணம் ஒரு சின்ன தந்திரம். வெளியீட்டின் ஒரு பங்கு உள்ளே திரும்பி வந்து எல்லையை நகர்த்துகிறது. ஏறி வரும் சிக்னல் தொட்டவுடன், அந்த எல்லையே காலடியில் 0.9 வோல்ட் கீழே போய்விடும். ஐம்பது மில்லி வோல்ட் இரைச்சல் அவ்வளவு தூரம் திரும்பி வர வழியில்லை. இதை முதலில் செய்தவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1934-இல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் கணவாய் மீனின் நரம்பைப் படித்துக்கொண்டிருந்தார். நரம்பு அரைகுறையாகத் துடிப்பதில்லை. துடித்தால் முழுசாக, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் குணத்தை வால்வுகளைக் கொண்டு ஒரு சர்க்யூட்டாகச் செய்து 1938-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதனால்தான் இன்றைக்கும் இதை ஷ்மிட் ட்ரிகர் என்கிறார்கள்.

சரி, 14 இருக்கிறதே, இனி கெபாசிட்டர் எதற்கு என்று அதைக் கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. கழற்றினால் எண்ணிக்கை மறுபடி தாவும். இந்த முறை அழுத்தும்போதும் தாவும், எடுக்கும்போதும் தாவும். ஏனென்றால் தகடு துள்ளும்போது மின்னழுத்தம் 0-க்கும் 4.5-க்கும் இடையே முழுசாக ஆடுகிறது. இரண்டு எல்லையையும் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போகிறது. ஷ்மிட் ட்ரிகர் அதை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். தன் இடைவெளியைவிடப் பெரிய ஆட்டத்தை அதால் தடுக்க முடியாது. ஆட்டத்தைச் சுருக்குவது கெபாசிட்டரின் வேலை. அதனால் மந்தமான ஏற்றத்தைச் சுத்தமான ஒரே விழுக்காடாக மாற்றுவது 14-இன் வேலை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 2.5, 1.6 எல்லாம் சராசரிக் கணக்கு. மேல் எல்லை ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டிலிருந்து மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை எங்கே இருந்தாலும் அந்த ஐ.சி. நல்ல ஐ.சி.தான் என்று டேட்டா ஷீட் சொல்லிவிடும். இடைவெளி குறைந்தது 0.4 வோல்ட் இருக்கும் என்பதுதான் அது தரும் உறுதி. 50 மில்லி வோல்ட்டுக்கு அது எட்டு மடங்கு என்பதால் பட்டனுக்குத் தாராளம். ஆனால் விரலை எடுத்தபின் எவ்வளவு நேரம் கழித்து எண் கூடும் என்று கேட்டால் சராசரியில் 8 மில்லி விநாடி என்று சொல்லலாம். கையில் கிடைத்த ஐ.சி.யைப் பொறுத்து அது 4-ஆகவும் இருக்கலாம், 12-ஆகவும் இருக்கலாம். பட்டனுக்கு இது பொருட்டே இல்லை. குறிப்பிட்ட வோல்ட்டில் சரியாகத் திரும்ப வேண்டும் என்றால் கம்பேரேட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு எல்லையையும் ரெசிஸ்டர்களால் நாமே குறித்துக்கொள்வதுதான் வழி. ஆர்டுயினோ உனோவில் இருக்கும் ATmega328P போன்ற சிப்புகளில் உள்ளே வரும் கால்களில் ஷ்மிட் ட்ரிகர் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே தனியாக 14 வேண்டாம்.

மேசையில் இருக்கும் 14-இல் ஒன்றுதான் வேலை செய்கிறது, ஐந்து சும்மா இருக்கின்றன. சும்மா இருப்பவற்றின் உள்வரும் கால்களைக் காற்றில் விடாமல் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும். வேண்டுமானால் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் வேறு வேலை கொடுக்கலாம். வெளியீட்டிலிருந்து உள்வரும் காலுக்கு 100 கிலோ ஓம், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட். கெபாசிட்டர் 1.6-க்கும் 2.5-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியீட்டில் ஒரு ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி. மாட்டினால், சுமார் 0.8 விநாடிக்கு ஒரு தடவை அது சிமிட்டும். அதே இரண்டு பொருளை 04-இல் மாட்டினால் கெபாசிட்டர் நடு எல்லையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்.இ.டி. சிமிட்டாது, பேட்டரிதான் வீணாகக் கரையும்.