தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன் சொல்ல ஒரு யானைக் கதை

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பல குழந்தைகள் திடீரென்று குளியலறையைக் கண்டாலே வீறிட்டு அழத் தொடங்குகின்றன. நேற்று வரை பக்கெட்டுக்குள் கையைவிட்டு அளைந்த பிள்ளைதான், இன்று வாசற்படியிலேயே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். "அடம்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது பயம். அந்தப் பயத்துக்கு ஒரு குட்டிக் கதை நல்ல மருந்து. ஆனால் எந்தக் கதையும் உதவாது. அந்தக் குழந்தை எதைக் கண்டு பயப்படுகிறதோ, அதைப் பற்றிய கதையாக இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அழுகை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதை. கீசரின் இரைச்சலைக் கேட்டதுமா? வழுவழுப்பான தரையில் கால் வைத்ததுமா? சோப்பைக் கையில் எடுத்ததுமா? தண்ணீர் சுழன்று சாக்கடை ஓட்டைக்குள் இறங்கும்போதா? நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இன்னொன்று. கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டி காலை நீட்டி, அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டியிருப்பார். உடம்பு முழுக்க ஒருவர் மேல் சாய்ந்திருந்தது. இப்போது தனியாக நிற்க வைத்து, பின்னாலிருந்து மக் நிறையத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறோம். எப்போது விழும் என்று தெரியாது. விழுந்ததும் மூச்சு முட்டும், கண் எரியும். எப்போது முடியும் என்றும் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தால் சும்மா இருக்கும் பிள்ளை, மக் தலைக்கு மேலே போனதும் அலறினால், பயம் இதுதான்.

அப்படி ஒரு இரண்டரை வயதுக் குழந்தைக்கான கதை இது. வீட்டுப் பேச்சிலேயே சொல்ல வேண்டும்.

"ஒரு ஊர்ல ஒரு குட்டி யானை இருந்துச்சாம். அதுக்குப் பேரு அப்பு. அப்புவுக்கு மண்ணுல விளையாடப் பிடிக்கும். விளையாடி விளையாடி உடம்பெல்லாம் மண்ணு! அம்மா யானை, 'வா கண்ணு, குளிக்கலாம்'னு கூப்பிட்டுச்சு. அப்பு, 'வேணாம், வேணாம். தலையில தண்ணி ஊத்தினா கண்ணு எரியும்'னு சொல்லுச்சு. அம்மா யானை, 'ஆமா கண்ணு, எரியும்ல? சரி, நீயே ஊத்திக்கோ'ன்னு சொல்லுச்சு. அப்பு தும்பிக்கையில தண்ணி எடுத்துச்சு. எங்கே ஊத்துச்சு? கால்ல ஊத்துச்சு. சளக்! அப்புறம் எங்கே? தொப்பையில ஊத்துச்சு. சளக்! அடுத்து தலைக்கு. அப்பு மேலே பாத்துச்சு. மேலே ஒரு காக்கா! அம்மாவும் அப்புவும் எண்ணினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... சளக்! தண்ணி எல்லாம் முதுகுப் பக்கம் ஓடிப்போச்சு. இன்னொரு தடவை, சளக்! இன்னும் ஒரே தடவை, சளக்! அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. அம்மா யானை துண்டால துவட்டிவிட்டுச்சு. அப்பு மறுபடியும் விளையாடப் போயிடுச்சு."

அவ்வளவுதான் கதை. சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த வயதில் அதற்கு மேல் நீட்டினால் குழந்தை எழுந்து போய்விடும்.

இதில் யானை தற்செயலாக வரவில்லை. தண்ணீரைத் தானே எடுத்துத் தன்மேல் ஊற்றிக்கொள்ளும் பிராணி அது. குழந்தையிடம் இல்லாமல் போனதும் அந்த அதிகாரம்தான். கதையில் தும்பிக்கை, குளியலறையில் அதே இடத்தில் குழந்தையின் கையில் ஒரு சின்ன மக். அப்பு "வேணாம்" என்று சொல்லும்போது அம்மா யானை "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மறுப்பதில்லை, "எரியும்ல?" என்று ஒப்புக்கொள்கிறது. குழந்தைக்குக் கண் எரிந்தது உண்மை. அதை இல்லையென்று சொல்லும் கதையை அது நம்பாது. "நல்ல பிள்ளைகள் அழ மாட்டார்கள்" என்ற வரியும் கதையில் கிடையாது. பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்க வைப்பது அது.

மேலே பறக்கும் காக்காய்க்கும் வேலை இருக்கிறது. முகவாய் உயர்ந்தால் தண்ணீர் நெற்றியிலிருந்து பின்னால் வழியும், கண்ணுக்குள் இறங்காது. "தலையைத் தூக்கு" என்று சொன்னால் கேட்காத குழந்தை, காக்காயைத் தேடித் தூக்கும். குளியலறைச் சுவரின் உயரத்தில் ஒரு காக்காய்ப் படத்தை ஒட்டிவையுங்கள். கூடவே நாலாக மடித்த உலர்ந்த துண்டு ஒன்றை நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். எண்ணுவது, தண்ணீர் எப்போது விழும் என்பதைச் சொல்கிறது. மூன்று தடவை என்பது எப்போது முடியும் என்பதைச் சொல்கிறது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் இரண்டரை வயதுக்குப் புரியாது. "இன்னும் ஒரே தடவை" புரியும்.

கதையில் புதிய ஆபத்தை நுழைத்துவிடக் கூடாது. முயல்குட்டி தண்ணீருக்குள் விழுந்து, மீன் வந்து காப்பாற்றியது என்று சுவைக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு. அதைக் கேட்டபின் குழந்தை பக்கெட்டைப் பார்த்து விழுவதைத்தான் நினைக்கும். பயம் வேறாக இருந்தால் கதையின் நடுப்பகுதி மாற வேண்டும். சாக்கடை ஓட்டைக்குள் தானும் போய்விடுவோம் என்று அஞ்சும் குழந்தைக்கு, நுரை போகும், தண்ணீர் போகும், அப்பு போகாது, அவன் கால் எவ்வளவு பெரியது பார் என்று சொல்லலாம். இந்தப் பயம் உலகெங்கும் உண்டு. 1968 முதல் 2001 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், யாரும் அந்த ஓட்டை வழியே போய்விட முடியாது என்று தனியாக ஒரு பாட்டே இயற்றினார்.

கதையைக் குளியலறையில், அழும்போது சொல்லாதீர்கள். அலறும் குழந்தையின் காதில் எதுவும் ஏறாது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகோ தூங்கும் முன்போ மடியில் வைத்துச் சொல்லுங்கள். சில நாள் வெறும் கதைதான். அதுவரை உடம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு ஒரு பொம்மையை அகலமான பேசினில் வைத்து, குழந்தையின் கையாலேயே குளிப்பாட்ட விடுங்கள். நீங்கள் "எங்கே ஊத்துச்சு?" என்றதும் "கால்ல!" என்று குழந்தை முந்திக்கொண்டு சொன்னாலோ, பொம்மையின் தலையைத் தானே நிமிர்த்திப் பிடித்தாலோ, கதை உள்ளே போய்விட்டது. தலை வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவசரப்பட வேண்டாம். தொப்பையோடு கதையை முடித்துவிட்டு, மறுநாள் தொடரலாம்.

கதையால் தீராததும் உண்டு. தண்ணீர் அதிகச் சூடாக இருந்திருக்கலாம். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாகத் தெரிய வேண்டும். திடீரென்று தொடங்கிய அழுகையுடன் காதைப் பிடித்து இழுத்தாலோ, தோலில் தடிப்போ வெடிப்போ தெரிந்தாலோ, தண்ணீர் பட்டு வலிக்கிறது என்று பொருள் இருக்கலாம். அப்போது மருத்துவரிடம்தான் போக வேண்டும். பயம் தெளிந்து பிள்ளை தண்ணீரில் குதூகலமாக விளையாடினாலும், நிறைந்த பக்கெட்டின் பக்கத்தில் ஒரு கணமும் தனியே விடக் கூடாது.

கடைசியாக, கதை சொல்லுகிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று என்று சொல்லிவிட்டால் மூன்றோடு நிறுத்துங்கள். நுரை மிச்சமிருக்கிறதே என்று நான்காவது மக்கை ஊற்றினால், நாளைக்கு அப்புவின் கதையை அந்தக் குழந்தை நம்பாது. மிச்ச நுரையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.