அறுநூறு ரூபாய்ப் பெட்டி எப்படி எழுநூற்று அறுபது ஆனது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம், வருங்கால வைப்பு நிதி, நூல் பில் எல்லாம் என் மேசைக்கு வரும். தீபாவளிப் பரிசுப் பெட்டி மட்டும் நீண்ட நாள் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்த வேலை. 2025 தீபாவளிக்கு அது என்னிடம் வந்தது. ஆள் 184 பேர். ஒரு பெட்டியில் அரைக் கிலோ மைசூர்பாகு, கால் கிலோ மிக்சர், ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு துண்டு. "ஒரு பெட்டி என்னங்க ஆகும்?" என்று முதலாளி கேட்டார். கடைக்காரர்கள் சொன்ன தள்ளுபடி விலைகளைக் கூட்டிப் பார்த்து, "அறுநூறு ரூபாய்க்குள்ள முடிச்சுரலாங்க" என்றேன். 1,10,400 ரூபாய் ஒதுக்கினார்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்தபின் பில்களைக் கூட்டினால் 1,39,872 ரூபாய் வந்தது. ஒரு ஆளுக்கு 760. யாரும் ஏமாற்றவில்லை, எந்த பில்லும் தவறில்லை. நான் பொருளின் விலையைச் சொல்லியிருந்தேன். முதலாளி கேட்டது பெட்டியின் விலை. இடையில் இருந்த 160 ரூபாய் எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் தள்ளுபடி. மைசூர்பாகு அரைக் கிலோ 300 ரூபாய், மிக்சர் கால் கிலோ 100 ரூபாய். இரண்டும் கோயம்புத்தூரில் ஒரே கடை. 100 செட்டுக்கு மேல் 5 சதவீதமும், 200 செட்டுக்கு மேல் 10 சதவீதமும் குறைப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்கு 184 பேர். உடைவதற்கும், கடைசி வாரத்தில் சேருகிறவர்களுக்கும் ஆறு பெட்டி கூடுதல் வேண்டும். ஆக 190 செட். அதற்கு 5 சதவீதம் போக 72,200 ரூபாய். ஆனால் 200 செட்டாகவே வாங்கினால் 80,000 ரூபாய்க்கு 10 சதவீதம் குறைந்து 72,000 ரூபாய். பத்து செட் கூட வருகிறது, பில்லோ 200 ரூபாய் குறைகிறது.

இதை எல்லாக் கடையிலும் சோதிக்கலாம். மேல் படியில் கொடுக்க வேண்டிய 90 பைசாவை, கீழ்ப் படியில் கொடுக்கும் 95 பைசாவால் வகுத்து, அதை 200 ஆல் பெருக்கினால் 189.5 வரும். தேவை 190 அல்லது அதற்கு மேல் என்றால் 200 ஆகவே வாங்குவது மலிவு. தேவை 180 என்றால் வாங்கக் கூடாது. அங்கே 5 சதவீதத்திலேயே நிற்க வேண்டும். மேல் படி கண்ணில் பட்டவுடன் தாவுகிறவர்கள் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. இன்னொன்று, இனிப்பை 200 வாங்கினோம் என்பதற்காக டப்பாவையும் துண்டையும் 200 வாங்க வேண்டியதில்லை. டப்பா டஜன் கணக்கில் வருகிறது, 16 டஜன் எடுத்தோம். துண்டு 190 தான். மிஞ்சிய பத்து இனிப்புச் செட்டும் வாட்ச்மேன்களுக்கும், வண்டி ஓட்டியவருக்கும், தினமும் டீ கொண்டுவரும் பையனுக்கும் போயின.

'இருபது வாங்கினால் ஒன்று இலவசம்' என்கிற கடைகளும் உண்டு. அதை 5 சதவீதம் என்று நினைப்போம். 20 பெட்டி விலைக்கு 21 வருவதால் உண்மையில் குறைவது நூற்றுக்கு 4 ரூபாய் 76 பைசா. அதோடு நமக்குத் தேவையில்லாத ஒரு பெட்டியாக அது வந்து நிற்கக்கூடும்.

தள்ளுபடியை அடியோடு விழுங்கக்கூடியது எடை. இனிப்பை அட்டைப் பெட்டியோடு சேர்த்து 500 கிராம் நிறுத்தால், பெட்டி 50 கிராம் இருந்தால், நமக்கு வருவது 450 கிராம் மைசூர்பாகு. பத்து சதவீதத் தள்ளுபடி போக 270 ரூபாய்க்கு 450 கிராம் என்றால், அரைக் கிலோவுக்கு 300 ரூபாய் ஆகிறது. தள்ளுபடி மொத்தமும் அட்டையில் போய்விட்டது. ஆர்டர் கொடுக்கும்போதே 'பெட்டி நீங்கலாக நிகர எடை 500 கிராம்' என்று எழுதி வாங்க வேண்டும். சரக்கு வந்ததும் ஒரு காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, பத்துப் பெட்டியை ஆங்காங்கே எடுத்து நிறுத்தால் போதும். நான் இதைச் செய்தேன். எங்கள் சரக்கில் எடை சரியாக இருந்தது. பில்லை அனுப்பும் முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் மிக்சருக்கும் வீட்டுப் பாத்திரங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. அந்த மகிழ்ச்சியில், 'வரிதான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறோமே' என்று நானும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நூலுக்குக் கட்டும் வரியை நாம் கழித்துக்கொள்கிறோம், அந்தப் பழக்கம். ஆனால் பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியாது; மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு அதைத் தடுக்கிறது. அதனால் பரிசுப் பெட்டியைப் பொறுத்தவரை வரியும் செலவுதான். இனிப்பு, டப்பா, துண்டு மூன்றுக்கும் சேர்த்து 5,872 ரூபாய், ஆளுக்கு 32 ரூபாய். தள்ளுபடியை பில்லிலேயே காட்டச் சொல்வதும் இதற்காகத்தான். குறைத்த தொகைக்கு மட்டும் வரி விழும்.

இனி பெட்டி. கம்பெனி பெயர் அச்சிட்ட பெட்டி ஒன்று 28 ரூபாய், வெற்றுப் பழுப்புப் பெட்டி 34 ரூபாய் என்று ஒருவர் விலை சொன்னார். அச்சிட்டது மலிவு என்று தோன்றும். ஆனால் அச்சிட்டது குறைந்தது 500 எடுக்க வேண்டும், அதற்குமேல் பிளேட் செலவு 3,500. மொத்தம் 17,500 ரூபாய், 190 பெட்டிக்குத்தான் அது பயன்படும் என்பதால் ஒன்றுக்கு 92 ரூபாய். மீதி 310 பெட்டியை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம் என்றார் அவர். மழைக்காலம் முழுக்க கிடங்கில் கிடந்த அட்டை ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும், அடுத்த ஆண்டு டப்பாவின் அளவும் மாறும். வெற்றுப் பெட்டி 200, அதன் மேல் மூன்று ரூபாய் ஸ்டிக்கர், மொத்தம் 7,400 ரூபாய் என்று முடித்துக்கொண்டோம்.

பெட்டியின் அளவு, விலையை விட முக்கியம். ரிப்பனும் வண்டியும் அதைப் பொறுத்தே அமைகின்றன. எங்கள் பெட்டி 30 சென்டிமீட்டர் நீளம், 22 அகலம், 12 உயரம். குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட, நெடுக்கில் 84, குறுக்கில் 68, முடிச்சுக்கும் பூவுக்கும் 50, வெட்டும்போது வீணாவது கொஞ்சம் எனக் கூட்டினால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், 205 சென்டிமீட்டர். ஒரு சுருளில் 25 என்று எழுதியிருந்தது. மீட்டர் என்று நினைத்து, சுருளுக்கு 12 பெட்டி, 190க்கு 16 சுருள் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். அது 25 கஜம். அதாவது 22 மீட்டர் 86 சென்டிமீட்டர். சுருளுக்குப் பதினொரு பெட்டிதான் கட்ட முடிந்தது. 176 பெட்டி முடிந்ததும் ரிப்பன் தீர்ந்தது. இரவு ஏழு மணிக்கு மேல் அதே நிறத்தைத் தேடி ஆள் ஓடவேண்டியதாயிற்று. பதினெட்டுச் சுருள், 2,160 ரூபாய். ஆளுக்கு 12 ரூபாய்தான். இந்தச் சின்னத் தொகைக்காக ஒரு சாயங்காலம் போனது எனக்கு வருத்தம். குறுக்கில் மட்டும் ஒரு சுற்றுக் கட்டியிருந்தால் ஒரு பெட்டிக்கு 120 சென்டிமீட்டர், பத்துச் சுருள் போதும். பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டுகிறவர்களின் கூலியும் யாருடைய பட்டியலிலும் இல்லை. ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான்கு பேர் அரை நாள் மிகை நேரம் உட்கார்ந்து கட்டினார்கள், 1,600 ரூபாய்.

வண்டியில்தான் என் கணிப்பு அதிகம் தவறியது. கோயம்புத்தூரிலிருந்து இனிப்பு வர, ஏத்துக்கூலி இறக்குக்கூலியோடு ஒரு குட்டி யானைக்கு 2,400 ரூபாய் ஆயிற்று. உள்ளூரில் டப்பாவும் அட்டையும் எடுத்துவர 700. அவிநாசி யூனிட்டுக்கு 900. சென்னை அலுவலகத்தில் பதினான்கு பேர், பார்சலுக்கு 1,400. மொத்தம் 5,400 ரூபாய். வண்டி வாடகை பெட்டிக்கு இவ்வளவு என்று வருவதில்லை, நடைக்கு இவ்வளவு என்று வருகிறது. 50 பெட்டி குறைந்தாலும் அது அப்படியே நிற்கும். ஆள் குறைவான கம்பெனிகளில் பெட்டி விலை ஏறுவது இதனால்தான்.

பார்சலில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல கூரியர்களில் 5,000 ஆல் வகுத்து ஒரு கன எடை எடுப்பார்கள். உண்மையான எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். எங்கள் பெட்டியின் உண்மை எடை ஒன்றரைக் கிலோ, கன எடை 1.6 கிலோ. முதலில் காட்டிய பெரிய பெட்டி 36க்கு 28க்கு 14. அதன் கன எடை 2.8 கிலோ. உள்ளே காற்றை அடைத்து அனுப்பியதற்கு ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம் கட்டியிருப்போம்.

சென்னைக்காரர்களுக்கு அங்கேயே ஒரு கடையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தால் ஆளுக்கு நூறு ரூபாய் மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் இருப்பவருக்கு வந்த அதே டப்பா, அதே துண்டு அவர்களுக்கும் வர வேண்டும். போனில் பேசும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அது இயல்பு.

இப்போது வகுத்தல். 1,39,872 ரூபாயை 190 ஆல் வகுத்தால் 736. முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஆறு பெட்டி யாருக்கு என்று முடிவாகாமல் வாங்கியது. அதன் செலவையும் பெற்ற 184 பேர் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். எனவே 760. முதலாளியிடம் தாளைக் காட்டியபோது, "அறுநூறுன்னீங்களே, இந்த முப்பதாயிரம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார். வரி, பெட்டி, ரிப்பன், கூலி, வண்டி, கூடுதல் பெட்டிகள் என்று வரிவரியாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டுக்கு இந்தத் தாளையே முன்கூட்டி எடுத்துவரச் சொன்னார்.

அந்த ஆறு பெட்டியில் ஒன்று வண்டியில் நசுங்கியிருந்தது. மூன்று, தீபாவளிக்கு முந்தைய வாரம் தையலில் சேர்ந்த மூன்று பேருக்குப் போயிற்று. ஆள் பட்டியலில் அவர்கள் பெயர் இன்னும் ஏறியிருக்கவில்லை. மீதி இரண்டு என் அறை பீரோவின் மேல் இருக்கின்றன.