நேர்முகப் பரீட்சைக்கு ஒழுங்கு செய்தவருக்கு நன்றி எழுதுவது எப்படி?



நம்ம பிள்ளைகள் இப்போது கொழும்புக்கு மட்டும் அல்ல, வடக்குப் பக்கமும் வேலை தேடிப் போகிறார்கள். 1977க்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியா பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள். சித்தி வீடு, மாமா வீடு என்று தங்க ஒரு இடம் கிடைக்கிறது. அப்படிப் போன ஒரு பிள்ளையின் கதையை வைத்துத்தான் இந்த மாத விஷயத்தைச் சொல்லப் போகிறேன்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் வணிகப் பிரிவில் முடித்தவள். யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதியில் உள்ள ஒரு கந்தோரில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு வாரத்தில் அங்கே ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். திகதி சொன்னார், என்னென்ன பத்திரம் வேண்டும் என்று சொன்னார். காலை 9 மணிக்கு வரச் சொன்னார். பிள்ளை, "மேடம், நான் ராத்திரி பஸ்ஸில்தான் வர வேண்டும்" என்றதும், நேரத்தை 11 மணிக்கு மாற்றிக் கொடுத்தார். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். அதற்கு முன்னால் தலவாக்கலையில் இருந்து கண்டிக்கு இறங்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய உதவி என்று நமக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் இருந்து எப்படி வருவது என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்.

ஆனால் நேர்முகப் பரீட்சை நடந்த அறைக்குள் அந்த அம்மா இல்லை. கேள்வி கேட்டவர்கள் வேறு இரண்டு பேர். வெளியே வந்த பிள்ளை எனக்குப் போன் எடுத்துக் கேட்டாள்: "சேர், அந்த மேடத்துக்கு ஏதாவது அனுப்பணுமா? அவங்க என்னைக் கேள்வி கேட்கவே இல்லையே?"

அனுப்பத்தான் வேண்டும். ஆனால் என்ன அனுப்புவது என்பதில்தான் நம்ம ஆட்கள் தவறு விடுகிறோம்.

பழைய பழக்கம்

நம் பாட்டன் காலத்தில் ஆள் சேர்த்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவரும் அவரே, வேலை வாங்கியவரும் அவரே, தலைக்காசு எடுத்தவரும் அவரே. பட்ட கடனை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921ல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. ஆனாலும் "ஆள் சேர்க்கிறவர் கையில்தான் எல்லாம் இருக்கு, அவரைக் குளிர வைத்தால் போதும்" என்ற எண்ணம் நம் லயங்களில் இன்னும் போகவில்லை.

இன்றைய கந்தோரில் அப்படி இல்லை. ஆள் எடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர் பிரிவுத் தலைவர். கேள்வி கேட்டுப் புள்ளி போடுபவர் அவரும் இன்னொருவரும். ஒழுங்கு செய்த அம்மா புள்ளி போடுவதில்லை. ஆனால் ஃபைல் அவர் கையில் இருக்கிறது. எந்த ஃபைலில் என்ன பத்திரம் குறைகிறது, யாரிடம் மறுபடி கேட்க வேண்டும், தெரிவானவர் வராமல் விட்டால் அடுத்து யாருக்குப் போன் போடுவது, மூன்று மாதம் கழித்து வேறு வெற்றிடம் வந்தால் யாருடைய பெயரை எடுத்து வைப்பது, இதெல்லாம் அவர் வேலை. ஆகவே அவருக்கு எழுதும் நன்றி, வேலையைக் கேட்கிற கடிதமாக இருக்கக் கூடாது. அவர் உண்மையில் செய்த வேலைக்கு நன்றியாகவும், நம் ஃபைலை முழுமையாக்குவதற்கு உதவியாகவும் இருக்க வேண்டும்.

முதலில் எழுதியது

பிள்ளை முதலில் எழுதி எனக்குக் காட்டியது இது:

"மேடம், உங்களை மாதிரி நல்லவங்களை நான் பார்த்ததே இல்லை. எங்க குடும்பமே உங்களைத்தான் நம்பி இருக்கு. எப்படியாவது இந்த வேலையை எடுத்துத் தாங்க மேடம். முடிவு எப்ப சொல்லுவீங்க?"

மனசு நல்ல மனசுதான். ஆனால் இதைப் படிக்கிற அந்த அம்மாவுக்குச் சங்கடம்தான் வரும். தன்னால் கொடுக்க முடியாததைக் கேட்கிறாள். பதில் போட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவார். யார் எழுதியது, எந்த வேலைக்கு வந்தவர் என்பதும் அதில் இல்லை. ஒரே நாளில் பத்துப் பேர் வந்து போயிருப்பார்கள்.

திருத்தி அனுப்பியது

அந்தப் பரீட்சையில் ஒரு சிக்கலும் வந்திருந்தது. நம் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்து வித்தியாசம். கேள்வி கேட்டவர்கள் அதைக் கவனித்து, "இதற்கு ஏதும் பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளையிடம் இல்லை. அதையும் சேர்த்து, அன்று மாலை 4 மணிக்கு முன் இப்படி அனுப்பினாள்:

"மதிப்புக்குரிய மேடம், இன்று 11 மணிக்குக் கணக்கு உதவியாளர் நேர்முகப் பரீட்சைக்கு வந்தவள் நான். நான் இரவு பஸ்ஸில் வருவதை யோசித்து நேரத்தை மாற்றித் தந்ததற்கும், வரும் வழியை எழுதி அனுப்பியதற்கும் நன்றி. அதனால் பதற்றம் இல்லாமல் வந்து சேர்ந்தேன். என் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வித்தியாசம் இருப்பதைப் பற்றிக் கேட்டார்கள். அதற்குரிய சத்தியக் கடதாசியை வரும் புதன்கிழமைக்குள் இதே இலக்கத்துக்கு அனுப்புகிறேன். நேர்முகம் செய்த இருவருக்கும் என் நன்றியைத் தெரிவிக்கவும்."

அடியில் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர், தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, முதல் வசனத்திலேயே ஆள் யார் என்று தெரிகிறது. நேரமும் வேலையின் பெயரும் சொன்னால் அவர் பட்டியலில் தேடாமலே கண்டுபிடிப்பார். இரண்டு, நன்றி பொதுவாக இல்லை. "எல்லா உதவிக்கும் நன்றி" என்று யாரும் எழுதலாம். நேரத்தை மாற்றியது அந்த அம்மா தன் பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்டுச் செய்த வேலை. அது யார் கண்ணிலும் படாத வேலை. அதைப் பெயர் சொல்லி நன்றி சொல்லும்போதுதான் அவருக்கு இந்தப் பிள்ளையை ஞாபகம் இருக்கும். மூன்று, மிச்சமாக உள்ள வேலையை நாமே சொல்லி, நாளும் குறித்துவிட்டோம். "பத்திரம் இல்லை" என்று மூடி வைக்க வேண்டிய ஃபைல், "புதன்கிழமை வரும்" என்று திறந்து இருக்கும்.

சொன்ன நாளை விடாதீர்கள்

நாள் குறித்தால் அதற்கு முன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எழுதாமல் இருந்ததை விட மோசம். பிள்ளை திங்கட்கிழமையே சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி எடுத்து, கையொப்பமும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, செவ்வாய்க்கிழமை அனுப்பினாள். "சொன்னபடி அனுப்பியுள்ளேன்" என்று ஒரு வரி மட்டும். (சத்தியக் கடதாசி தற்காலிக உதவிதான். பிறப்புச் சான்றிதழையே திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கு நாள் எடுக்கும். பிள்ளைகள் பரீட்சை எழுதும் வயதிலேயே பெற்றோர் தொடங்கிவிட வேண்டும்.)

அதற்குப் பிறகு பேசாமல் இருந்தாள். இரண்டு கிழமையில் முடிவு சொல்வதாகக் கூறியிருந்தார்கள். அந்த இரண்டு கிழமையும் கடந்து இன்னும் இரண்டு மூன்று வேலை நாள் பொறுத்து, ஒரே ஒரு தடவை கேட்கலாம். தினமும் "குட் மோர்னிங்" படம் அனுப்புவது, ராத்திரி 10 மணிக்குக் குரல் பதிவு போடுவது, "அக்கா" என்று உறவு கொண்டாடுவது எல்லாம் வேண்டாம். அவர் எந்த வழியில் நம்மோடு பேசினாரோ அந்த வழியில், கந்தோர் நேரத்தில் அனுப்புவதே மரியாதை. மின்னஞ்சலில் பேசியிருந்தால் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதுங்கள். பழைய கடிதமும் அவர் கண்ணுக்குக் கீழேயே இருக்கும். கேள்வி கேட்டவர்களின் முகவரியும் உங்களிடம் இருந்தால் அவர்களுக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். ஒரே வசனத்தைப் பெயரை மட்டும் மாற்றி மூன்று பேருக்கு அனுப்பினால், அடுத்தடுத்த மேசையில் இருக்கும் அவர்கள் காட்டிக்கொள்வார்கள்.

தேயிலைப் பைக்கற் வேண்டாம்

இது என் சொந்த அனுபவம். இளைஞனாக இருந்தபோது ஒரு கந்தோரில் எனக்கு நேர்முகம் ஒழுங்கு செய்த எழுதுவினைஞருக்கு, அம்மா கொடுத்துவிட்ட நல்ல தேயிலை அரைக்கிலோவைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். முடிவு வருவதற்கு முன்னால். அவர் முகம் மாறிவிட்டது. எல்லோர் முன்னாலும் திருப்பிக் கையில் தந்து, "தம்பி, இதைக் கொண்டு போங்கோ" என்றார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் நன்றி என்று நினைத்தேன், அவருக்கு அது லஞ்சப் பழி. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒழுங்கு செய்கிறவரே காசு கேட்டால் அது நன்றி சொல்லும் இடம் அல்ல. முக்கியமாக வெளிநாட்டு வேலைக்கு என்றால், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

முடிவு என்ன ஆனது?

அந்த வேலை பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. கணக்கு மென்பொருள் தெரிந்த ஒருவரை எடுத்தார்கள். நன்றிச் செய்தி புள்ளியைக் கூட்டாது, அதை மனசில் வையுங்கள். மறுப்பு வந்ததும் பிள்ளை கோபப்படாமல், "அறிவித்ததற்கு நன்றி மேடம். என் பத்திரங்கள் உங்களிடம் முழுமையாக இருக்கின்றன. வேறு வெற்றிடம் வந்தால் அறியத் தாருங்கள்" என்று எழுதினாள். பத்தாவது கிழமை அதே அம்மா போன் எடுத்தார். களஞ்சியப் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, உடனே வர முடியுமா என்று கேட்டார். பத்திரம் முழுமையாக உள்ளவர்களைத்தான் முதலில் அழைத்தாராம்.

இப்போது பிள்ளை கிளிநொச்சியில் சித்தி வீட்டில் இருந்து தினமும் யாழ்ப்பாணம் போய் வருகிறாள். மென்பொருள் வகுப்புக்கும் சேர்ந்திருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தால், போகும் முன்பே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நன்றிக் கடிதம் எழுதித் திருத்த வேண்டுமானால் பிரட்டு முடிந்த பிறகு நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்