பயிற்சி பாண்ட்: பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

நிறுவனம் தன் செலவில் ஊழியரை ஒரு படிப்புக்கோ சான்றிதழ்ப் பயிற்சிக்கோ அனுப்புகிறது. பயிற்சி முடிந்து இரண்டு மாதத்தில் அவர் சான்றிதழுடன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் கட்டிய கட்டணம் வீண். இதைத் தவிர்க்க எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் பயிற்சி பாண்ட். “பயிற்சிக்குப் பிறகு இவ்வளவு காலம் வேலை செய்வேன், அதற்கு முன் விலகினால் இவ்வளவு பணம் தருவேன்” என்பதே அதன் சாரம். இந்தியாவில் இப்படி எழுதிக்கொள்வது சட்டப்படி செல்லும். ஆனால், எழுதிய தொகை முழுவதும் வசூலாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது வாசகத்தைப் பொறுத்தது. குறிப்பாக, அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

இந்த விஷயத்தில் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் முக்கியம். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 27-ஆம் பிரிவு. ஆகவே “விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது” என்று பாண்டில் எழுதினால் அந்த வரி நிற்காது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு. அது நியாயமாக இருந்தால் நிற்கும். அப்போதும் விலக நினைப்பவரை வேலையில் தொடரும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. கேட்க முடிந்தது பணம் மட்டுமே.

எவ்வளவு பணம் என்பதற்கு விடை 74-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், நீதிமன்றம் தருவது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு. அதாவது பாண்டில் உள்ள எண் உச்சவரம்பு மட்டுமே. டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்த சிக்பா இந்தியா வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. ஊழியர் மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது அங்கே பாண்ட். பயிற்சிக்கு நிறுவனம் செலவிட்டதோ சுமார் 67,600 ரூபாய். இரண்டு ஆண்டு வாக்கில் அவர் விலகிவிட்டார். நிறுவனத்துக்குக் கடைசியில் கிடைத்தது 22,532 ரூபாய். செலவை மூன்றால் வகுத்தால் வருகிற தொகை இதுதான்: வேலை செய்யாமல் விட்ட ஓர் ஆண்டின் பங்கு.

இதற்கு எதிர்ப்பக்கம் போல் தோன்றுவது 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தந்த தீர்ப்பு. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை அது ஏற்றுக்கொண்டது. விலகியவர் மேலாளர் நிலை அதிகாரி, அவர் வாங்கிய சம்பளத்தைப் பார்க்கும்போது அந்தத் தொகை விலகலையே தடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல, பொதுத்துறை வங்கி மீண்டும் விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்த வேண்டியிருக்கிறது என்பவை அங்கே எடை பெற்றன. இந்தத் தீர்ப்பைக் காட்டி, 20,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 2 லட்சத்துக்கு பாண்ட் எழுதி வாங்கலாம் என்று நினைக்கும் நிறுவனம் தீர்ப்பைப் பாதிதான் படித்திருக்கிறது.

ஆகவே நல்ல வாசகத்தின் முதல் வேலை, தொகையை உண்மையான செலவோடு கட்டிப்போடுவது. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று தன் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரை வெல்டிங் ஆய்வாளர் சான்றிதழ்ப் படிப்புக்குச் சென்னைக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் கட்டணம் 1,00,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 18,000. தேர்வுக் கட்டணம் 8,000. பயணமும் தங்கும் செலவும் 12,000. கூட்டினால் 1,38,000 வருகிறது. ஆனால் அந்த 18,000 ரூபாயை நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டிருந்தால், அது அதன் கையை விட்டுப் போன பணமே அல்ல. அதையும் ஊழியரிடம் கேட்பது ஒரே தொகையை இரண்டு முறை வாங்குவதாகும். நியாயமான செலவு 1,20,000 ரூபாய். பயிற்சி நாட்களின் சம்பளத்தையும் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த நாட்களிலும் ஊழியர் நிறுவனம் சொன்ன இடத்தில் நிறுவனம் சொன்ன வேலையைத்தான் செய்தார் என்பதால், இது எளிதில் கேள்விக்கு உள்ளாகும். தனியாகப் பெயர் சொல்லி எழுதாவிட்டால் அதைக் கேட்கவே இடமில்லை.

இந்தச் செலவுக்கு ஏற்ற வாசகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை: “இணைப்பில் கண்ட பயிற்சிக்காக நிறுவனம் ரசீதுகளின்படி உண்மையில் செலுத்தும், ரூ.1,20,000-க்கு மேற்படாத தொகை ‘பயிற்சிச் செலவு’ எனப்படும். பயிற்சி முடிந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் ஊழியர் தாமாகப் பதவி விலகினால், பயிற்சிச் செலவில், அவர் பணியாற்றிய ஒவ்வொரு முழு மாதத்துக்கும் இருபத்துநான்கில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை நிறுவனத்துக்குத் திருப்பித் தருவார்.”

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘ரசீதுகளின்படி உண்மையில் செலுத்தும்’ என்பது, பாதிக் கட்டணத்தில் பயிற்சி கிடைத்தால் பாண்ட் தொகையும் தானாகக் குறைய வழிசெய்கிறது. ‘மேற்படாத’ என்பது ஊழியருக்கு உச்சவரம்பு. நாளைக்குப் புதுச் செலவுக் கணக்கு ஒன்று முளைக்காது. ‘பயிற்சி முடிந்த நாளிலிருந்து’ என்று தொடக்கம் குறிக்கப்படாவிட்டால், வேலையில் சேர்ந்த நாளா, பயிற்சி தொடங்கிய நாளா, சான்றிதழ் கைக்கு வந்த நாளா என்று சண்டை வரும். சான்றிதழ் சில மாதம் கழித்தே வரும் படிப்புகள் உண்டு. அதைத் தொடக்கமாக வைத்தால் ஊழியர் கட்டுப்படும் காலம் யார் தவறும் இல்லாமல் நீளும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,20,000-ஐ 24-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 5,000 ரூபாய் கழிகிறது. பொறியாளர் பயிற்சிக்குப் பிறகு 15 மாதமும் 10 நாளும் வேலை செய்து விலகுகிறார். முழு மாதங்கள் 15, கழிவது 75,000, மீதி 45,000. அந்தப் பத்து நாளையும் கணக்கில் சேர்க்க விரும்பினால் ‘முழு மாதத்துக்கும்’ என்பதற்குப் பதிலாக ‘நாளுக்கும்’ என்று எழுதிக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் முன்னரே எழுதிவிடுவது நல்லது. இதே பாண்டில் மாதக் கழிவு இல்லாமல் “24 மாதங்களுக்குள் விலகினால் ரூ.1,20,000” என்று மட்டும் இருந்தால், 23-ஆம் மாதத்தில் விலகுபவரும் முதல் மாதத்தில் விலகுபவரும் ஒரே தொகை தர வேண்டும். நீதிமன்றத்தில் முதலில் அடிபடும் வாசகம் இதுதான். “செலவு அல்லது மூன்று மாதச் சம்பளம், இவற்றில் எது அதிகமோ அது” என்ற வாசகமும் அப்படித்தான். செலவோடு தொடர்பில்லாத ஒரு தொகை உள்ளே வந்ததுமே, அது இழப்பீட்டின் இடத்தை விட்டுத் தண்டனையின் இடத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்த சிக்கல் ‘தாமாகப் பதவி விலகினால்’ என்பதில் இருக்கிறது. பல பாண்டுகளில் அங்கே “எக்காரணம் கொண்டும் பணி முடிவுற்றால்” என்று இருக்கும். இதன்படி நிறுவனம் ஆட்குறைப்பு செய்து அனுப்பினாலும் ஊழியர்தான் பணம் கட்ட வேண்டும். நோயால் வேலை செய்ய முடியாமல் போனாலும், இறந்துபோய் வாரிசுகளிடம் கணக்கு வந்தாலும் அதே கதிதான். கையெழுத்திடும் முன் மாற்றும்படி கேட்க வேண்டிய வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரிடம் வசூலிக்க நிறுவனம் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘முறையான விசாரணைக்குப் பின் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால்’ என்று அதைத் தனியாக எழுத வேண்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், மருத்துவச் சான்றுள்ள உடல்நலக் குறைவு, இறப்பு ஆகியவற்றில் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாக இருக்க வேண்டும். தேர்வில் தேறாதவரிடம் கட்டணம் கேட்கலாமா என்பதையும் பாண்டே சொல்லிவிட வேண்டும்.

எது ‘பயிற்சி’ என்பதிலும் ஏமாற்று நடக்கிறது. வெளி நிறுவனத்தில் கட்டணம் கட்டிப் படித்த, ஊழியர் எங்கு போனாலும் கூடவே வரும் சான்றிதழ்ப் படிப்புக்குச் செலவைக் காட்டுவது எளிது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அலுவலகத்திலேயே மூத்தவர் ஒருவர் மென்பொருளைக் காட்டிக்கொடுப்பதைப் பயிற்சி என்று பெயரிட்டு ஒன்றரை லட்சம் போட்டால், வழக்கில் அந்தத் தொகைக்கு ஆதாரம் காட்டுவது கடினம். பாண்டின் இணைப்பில் படிப்பின் பெயர், நடத்தும் நிறுவனம், தேதிகள், கட்டண விவரம் நான்கும் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். இணைப்பு காலியாக இருந்தால் அங்கே பயிற்சி இல்லை என்று கொள்ளலாம். பயிற்சி முடிந்த பிறகு பழைய தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்பதும் இதே ரகம். பயிற்சி தொடங்கும் முன்னரே கையெழுத்தாகி, ஒரு நகல் ஊழியர் கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் வசூலிக்கும் முறை. “கடைசிச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொள்ள ஊழியர் சம்மதிக்கிறார்” என்ற வரி வழக்கமானது. ஆனால் சம்பளத்தில் எதை, எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஊதியச் சட்டத்தில் வரம்புகள் உண்டு. பாண்டில் சம்மதித்ததால் அவை மறைந்துவிடாது. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் கைவைக்கவே முடியாது. பாண்ட் பாக்கிக்காகப் பணிக்கொடையை நிறுத்திவைப்பதும் தவறு. சம்பளத்தில் பிடித்தது போக மீதி இருந்தால், “மாதம் ரூ.7,500 வீதம் தவணையில்” என்பது போல் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் வசதி. மேற்சொன்ன பொறியாளரின் 45,000 ரூபாய் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அசல் கல்விச் சான்றிதழ்களையோ தொகை எழுதாத காசோலையையோ பிணையாகக் கேட்கும் நிறுவனத்திடம் பாண்டில் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. சான்றிதழைப் பிடித்துவைத்து வசூல் செய்ய எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை; காசோலையோ திரும்பினால் குற்றவியல் வழக்காக மாறக்கூடியது.

விலகும்போது நிறுவனம் தரும் கணக்கில் பாண்ட் தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகும் ஊழியர் செலுத்தும் பாண்ட் தொகை எந்தச் சேவைக்கான விலையும் அல்ல, அதற்கு வரி கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.