டன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

பெரம்பலூரிலிருந்து கோயம்பேட்டுக்குச் சின்ன வெங்காயம் அனுப்பும் ஓர் உழவர் குழு, லாரி உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். “டன்னுக்கு என்ன வாடகை?” என்று மட்டும் கேட்டால், 1,500 ரூபாய் என்று பதில் வரும். ஏழு டன் ஏற்றினால் 10,500 என்று குழு கணக்குப் போடும். ஆனால் பில் 13,500 ரூபாய்க்கு வரக்கூடும். லாரிக்குக் குறைந்தபட்சம் ஒன்பது டன் என்ற நிபந்தனையை யாரும் கேட்கவில்லை. உண்மையில் டன்னுக்கு 1,900 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

அதனால் கடிதத்தில் இப்படிக் கேட்க வேண்டும்: “குறைந்தபட்ச எடை எவ்வளவு? எந்த எடைமேடைச் சீட்டை வைத்துக் கணக்கிடுவீர்கள்? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி வாடகைக்குள் அடங்குமா? மூட்டைக்கா, டன்னுக்கா?”

தாமதம் இரண்டு வகை. மூட்டை தயாராகாமல் லாரி காத்திருந்தால் ஹால்டிங் கூலி நம்முடையது. எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்று கேளுங்கள். லாரியே தாமதமானால்? விடியற்காலை விற்பனையைத் தவறவிட்ட ஈர வெங்காயம் மூட்டைக்குள்ளேயே புழுங்கும், விலையும் இறங்கும். அதற்கு வாடகையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டி வந்த நேரத்தை லாரிச் சீட்டில் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கினால் அந்த நிபந்தனைக்கு ஆதாரம் இருக்கும்.