எட்டு ரூபாய் எப்படி ரூ.10.41 ஆனது?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அகத்தியர்கூடம் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. பழைய தேயிலைத் தோட்டம். இங்கே ஓடும் ஜீப்புக்கும் பைக்குக்கும் எண்ணெய் வேண்டுமென்றால் மலையிறங்கி விதுரா, நெடுமங்காடு பக்கம் போக வேண்டும். 2024 மார்ச் மாதம் எண்ணெய் நிறுவனங்கள் விலையைக் குறைத்த பிறகு, திருவனந்தபுரம் நகரில் ஒரு லிட்டர் பெட்ரோல் ரூ.107.56. அதே நாளில் சென்னையில் ரூ.100.75. மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம்தான். ஆனால், மலையைத் தாண்டிப் போய்ப் பெட்ரோல் போட்டு வரச் சாலை கிடையாது.

கச்சா எண்ணெய் மலையின் இரு பக்கத்துக்கும் ஒரே சந்தையிலிருந்துதான் வருகிறது. அப்படியிருக்க, லிட்டருக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? விடை தெரிய, விலை எந்த வரிசையில் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த வரி முதலில், எது அதன் மேல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எண்ணெய் நிறுவனங்கள் டெல்லி விலையை உதாரணமாக வைத்து இந்தக் கணக்கை வெளியிடுவது வழக்கம். 2024 மார்ச் குறைப்புக்குப் பிந்தைய கணக்கு இது. பெட்ரோலின் அடிப்படை விலை ரூ.55.46. கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் இதற்குள் அடக்கம். வண்டிக்கூலி 20 பைசா. அதன் மேல் மத்திய அரசின் கலால் வரி ரூ.19.90. பங்க் நடத்துகிறவருக்குக் கமிஷன் ரூ.3.77. இதுவரை கூட்டினால் ரூ.79.33 வருகிறது. கடைசியாக, இந்த மொத்தத்தின் மேல் டெல்லி அரசு 19.4 சதவீதம் வரி போடுகிறது. அது ரூ.15.39. ஆக, பங்க்கில் வண்டிக்காரர் கொடுப்பது ரூ.94.72.

மாநில வரி கணக்கிடப்பட்ட தொகைக்குள் கலால் வரியும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரூ.19.90-க்கு மட்டும் டெல்லி வாங்கும் வரி ரூ.3.86. வரிக்கு வரி என்று சொல்வது இதைத்தான். பங்க்காரரின் கமிஷனுக்கும் 73 பைசா வரி விழுகிறது.

கேரளத்தில் இதே அடுக்குதான், ஆனால் மேல்தளம் கனமானது. சரக்கு சேவை வரிக்குள் பெட்ரோலும் டீசலும் இன்னும் வரவில்லை என்பதால், 1963-ஆம் ஆண்டுக் கேரள பொது விற்பனை வரிச் சட்டத்தின்படியே இங்கே வரி வாங்குகிறார்கள். பெட்ரோலுக்கு 30.08 சதவீதம், டீசலுக்கு 22.76 சதவீதம். இதற்கு மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் விற்பனை வரி, ஒரு சதவீத செஸ். 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இன்னும் இரண்டு ரூபாய். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு ரூ.11.52 என்று கலப்பு முறை. மலைக்கு இருபுறமும் விலை வேறுபடுவதற்குப் பெருமளவு காரணம் இதுதான்.

சதவீதமாக வாங்கும் வரிக்கும் ரூபாயாக வாங்கும் வரிக்கும் குணம் வேறு. ரூபாயில் நிர்ணயித்தது விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. சதவீதமோ விலையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். கொச்சி அம்பலமுகளில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கிருந்து தெற்கே வர வர வண்டிக்கூலி கூடும். அந்தக் கூலி அடங்கிய விலையின் மேல்தான் மாநில வரி. திருவனந்தபுரத்துக்காரர் கொச்சிக்காரரை விட அதிகம் கொடுப்பது இதனால்தான்.

சதவீத வரியின் இந்தக் குணம் ஒரு அரசியல் சண்டையாகவே வெடித்தது 2022 மே மாதத்தில். 21-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலால் வரியைப் பெட்ரோலுக்கு எட்டு ரூபாயும் டீசலுக்கு ஆறு ரூபாயும் குறைத்தார். உடனே கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால், மாநிலமும் பெட்ரோலுக்கு ரூ.2.41, டீசலுக்கு ரூ.1.36 குறைக்கிறது என்று அறிவித்தார். கேட்பவருக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியாக விட்டுக்கொடுத்தது போலத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை தெரிகிறது. எட்டு ரூபாயின் 30.08 சதவீதம் ரூ.2.41. ஆறு ரூபாயின் 22.76 சதவீதம் ஒரு ரூபாய் முப்பத்தாறு பைசாவும் கொஞ்சமும். மாநிலம் தன் வரி விகிதத்தில் கைவைக்கவே இல்லை. கீழ்த்தளம் இறங்கியதும் மேல்தளம் தானாக இறங்கியது, அவ்வளவே. இதைத்தான் எதிர்க்கட்சியான காங்கிரஸ் சுட்டிக்காட்டியது. இரண்டையும் சேர்த்தால் கேரளத்தில் பெட்ரோல் ரூ.10.41 குறைய வேண்டும்.

மத்திய அமைச்சரின் அறிவிப்பிலும் இதே வேலை இருந்தது. கலால் குறைப்பு எட்டு ரூபாய், விலையோ லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய் குறையும் என்றார். மேலதிகமான ஒன்றரை ரூபாய் மாநில வரியில் விழும் குறைவு. டெல்லி விகிதத்தில் எட்டு ரூபாய்க்கு ரூ.1.55 என்பது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால், நடந்தது என்ன? டெல்லியில் விலை ரூ.105.41-லிருந்து ரூ.96.72-க்கு வந்தது. குறைந்தது ரூ.8.69 மட்டும். வரவேண்டிய ரூ.9.55-இல் 86 பைசா காணவில்லை. கலால் சொன்னபடி குறைந்தது, மாநில விகிதம் மாறவில்லை. மிச்சம் இருப்பது வரிக்கு முந்தைய விலைதான். காணாமல் போன 86 பைசாவை 1.194-ஆல் வகுத்தால் 72 பைசா. அந்த அளவுக்கு அடிப்படைப் பக்கம் அதே வேளையில் ஏறியிருக்க வேண்டும். இறுதி விலை மட்டும் தெரிந்தாலும், வரிசையும் விகிதமும் கையில் இருந்தால் உள்ளே எந்தத் தளம் அசைந்தது என்பதை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

கலால் வரி என்ற ஒற்றைப் பெயருக்குள்ளும் நான்கு துண்டுகள் உண்டு. அந்த ரூ.19.90-இல் அடிப்படைக் கலால் வெறும் ரூ.1.40. சிறப்புக் கூடுதல் கலால் ரூ.11, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் ரூ.2.50, சாலை உள்கட்டமைப்பு செஸ் ரூ.5. மாநிலங்களோடு பங்கிட வேண்டியது அந்த ரூ.1.40 மட்டுமே. அதில் 41 சதவீதம், அதாவது 57 பைசா, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 15-ஆவது நிதிக் குழு கேரளத்துக்கு ஒதுக்கிய பங்கு 1.925 சதவீதம். நாட்டில் விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கேரளத்துக்கு இந்த வழியில் வந்தது ஏறத்தாழ ஒரு பைசா. ஆனால், தன் எல்லைக்குள் விற்கும் லிட்டரில், அதே ரூ.19.90-இன் மேல் போட்ட விற்பனை வரியாகக் கேரளம் எடுத்தது ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சரக்கு சேவை வரிக்குள் பெட்ரோலைக் கொண்டுவர மாநிலங்கள் தயங்குவது ஏன் என்பது இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தால் விளங்கும். கேரள உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய சரக்கு சேவை வரிக் கவுன்சில் இதை எடுத்துப் பேசியது. இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தது.

2025 ஏப்ரல் 8-ஆம் தேதி கலால் வரி மறுபடி இரண்டு ரூபாய் கூடியது. பங்க் விலை மாறவில்லை. நிறுவனங்களே அந்தச் சுமையை ஏற்றன. ஒரு தளம் இரண்டு ரூபாய் ஏறி, அதன் அடியில் இருப்பது இரண்டு ரூபாய் இறங்கினால், விற்பனை வரி கணக்கிடும் தொகை அப்படியே நிற்கும். கேரளத்துக்குக் கூடுதலாக ஒரு பைசாகூட வராது. கூடிய இரண்டு ரூபாயும் சிறப்புக் கூடுதல் கலாலில் சேர்ந்ததால் பங்கீட்டுக்கும் வராது. போனக்காட்டிலிருந்து இறங்கி வந்து டேங்க் நிரப்பியவர் அன்று கொடுத்ததும் முந்தைய நாள் விலையேதான். நிறுவனத்தின் கணக்கிலிருந்து மத்திய அரசின் கணக்குக்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய் இடம் மாறியது மட்டும் ரசீதில் எங்கும் தெரியவில்லை.